ஒரே தராசுக்கு நாலு தலைவர்கள்

பிளேஸ்மென்ட் சார் என் ரெஸ்யூமேவைப் படிக்கவே இல்லை. தலைப்புக்குக் கீழே இருந்த மூன்று வரிகளின் மேல் விரலை வைத்தார். பக்கத்தில் கிடந்த கட்டிலிருந்து எங்கள் வகுப்புப் பையன் ஒருவனுடையதை உருவி, அதே இடத்தில் இன்னொரு விரலை வைத்தார். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மூன்று வரிகள்.

"உங்க வகுப்பிலே எல்லாருமே உத்வேகம் மிக்கவங்கதானா?" என்று இந்தியில் கேட்டார். "ஒருத்தர் கூடவா சாதாரணமா இல்லை?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலேதான் நிற்கும். ஏஐயிடம் கேட்டு எழுதி வாங்கியது நான். அதை வகுப்பு வாட்ஸாப்பில் போட்டு, "வேணும்னா எடுத்துக்கோங்க" என்று தாராளமாகச் சொன்னதும் நானேதான். எடுத்துக்கொண்டவர்கள் பெயரை மாற்றினார்கள், வேறெதையும் மாற்றவில்லை. யாரைப் போய்த் திட்டுவது?

எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு அப்போது முடியப் போகிற நேரம். அடுத்த செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் கட்டாயம். எங்கள் கல்லூரிக்கு வருவதெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகள். சர்க்யூட்டைத் தொட்டுப் பார்க்கிற வேலை கொடுக்க வந்தது ஒன்றே ஒன்று. தேவ்நாரில், எடை பார்க்கும் கருவிகள் செய்கிற கம்பெனி. ஒரே ஒரு இடம். மேலே இருக்கும் சுருக்கத்தைப் பார்த்துத்தான் ஆள் கூப்பிடுவோம், குணநலன் எல்லாம் வேண்டாம், என்ன செய்தார்கள் என்று இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

அது கிடைக்காவிட்டால் என் கதி என்ன என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. சயானில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலைக்கு மாமா சொல்லி வைத்திருந்தார். கல்லூரிக்கு ஏதாவது ஆன்லைன் சர்டிபிகேட் காட்டிவிட்டு மதியத்தில் அங்கே உட்காரலாம், ஏசி இருக்கும், மழையில் நனைய வேண்டாம், படிப்பு முடிந்ததும் அங்கேயே நிரந்தரம். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் மூன்று வருஷம் சாலிடரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டது பில் போடவா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் புலம்பினேன். தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை, மேலே பலகை போட்டு ஒரு தட்டு. அம்மா அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வரிகளைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உத்வேகமும் கற்றுக்கொள்ளும் ஆர்வமும் உடையவர், குழுவாகப் பணியாற்றுவதில் வல்லவர், சவாலான வாய்ப்பைத் தேடுபவர்.

அம்மா ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, இது யாரப் பத்தி எழுதியிருக்கு?"

"என்னைப் பத்திதான்."

"கல்யாண புரோக்கர் சொல்லுத மாதிரில்லா இருக்கு. நல்ல பொண்ணு, அடக்கமான பொண்ணுன்னு." சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் என் தோழியைப் பிடித்தேன். மாட்டுங்காக்காரி. அவள் அப்பா ஆபீஸில் வேலை, தாத்தாவும் ஆபீஸ். வீட்டில் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. முதலாம் ஆண்டிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிந்தோம். அவள் பேசுகிற தமிழை நான் நக்கல் செய்வேன், என்னுடையதை அவள் நக்கல் செய்வாள். அவளும் அதே தேவ்நார் கம்பெனிக்குத்தான் விண்ணப்பம் போட இருந்தாள், என்னுடைய அதே மூன்று வரிகளோடு. கிங்ஸ் சர்க்கிளில் மேம்பாலத்துக்குக் கீழே நடப்பதற்காக ஒரு நீளத் தோட்டம் இருக்கிறதே, அங்கே போய் உட்கார்ந்தோம். மேலே வண்டிகள் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். எங்களுக்கு அது தோதுதான், எப்படியும் சண்டை வரப் போகிறது.

எழுத எங்களிடம் இருந்தது ஒரு தராசு. ஐந்தாவது செமஸ்டரில் நாலு பேர் சேர்ந்து செய்தது. நானும் அவளும் இரண்டு பையன்களும். ஐந்து கிலோ வரை காட்டுகிற டிஜிட்டல் தராசு. அதன் உயிர் லோட் செல் என்கிற அலுமினியக் கட்டை. ஒரு முனையை அடித்தட்டில் முடுக்கி, மறு முனையில் பொருள் வைக்கும் பலகையை முடுக்க வேண்டும். எடை ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவைத்தான் மின்சாரமாக அளந்து எண்ணாகக் காட்டுகிறோம். லோட் செல்லைப் பொருத்தியதும் கம்பிகளைச் சாலிடர் செய்ததும் நான். புரோகிராம் எழுதியதும் ரீடிங் எடுத்ததும் அவள். பெட்டிக்குப் பெயின்ட் அடித்ததும் வைவா நாளில் முன்னால் நின்று பேசியதும் பையன்கள்.

"நான் என்ன எழுதட்டும்னு சொல்லு," என்றாள். "பைத்தான் தெரியும்னு போடட்டுமா?"

"தெரியும்னு யாருதான் போடல? அதை வச்சு என்ன செஞ்சன்னு போடு."

"ரீடிங்கையெல்லாம் கிராஃப் போட்டேன். ரெண்டு கிலோவுக்கு மேலே கோடு படுத்துண்டுடுத்துன்னு கண்டுபிடிச்சேன். அதைப் போடறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கண்டுபிடிச்சது நீயா? தொறந்து பாத்தது யாரு?"

"தொறன்னு சொன்னது யாரு?"

உண்மையில் நடந்தது இதுதான். எங்கள் சந்து முனையில் இருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சர்க்கார் முத்திரை குத்திய எடைக்கற்களை இரவல் வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொன்றாக ஏற்றி அளந்தோம். இரண்டு கிலோ வரை சரியாகக் காட்டிய தராசு, அதற்கு மேல் குறைத்துக் காட்டியது. பையன்கள் புரோகிராமில் பெருக்கும் எண்ணைக் கூட்டி வைத்தார்கள். மூன்று கிலோ சரியாக வந்தது, ஆனால் அரைக்கிலோ கல் அரைக்கிலோவுக்கு மேலே போய்விட்டது. அண்ணாச்சி கையில் கிடைத்தால் கடையில் வைத்துக்கொள்வார் என்று சிரித்தோம். அப்போது இவள்தான் எல்லா எடைக்கும் ரீடிங் எடுத்துக் கிராஃப் போட்டு, இது புரோகிராமில் இருக்கும் தப்பு இல்லை, அப்படி இருந்தால் கிராஃப் கோடு முதலிலிருந்தே சாய்ந்திருக்கும், ஏதோ நடுவில் மாட்டிக்கொள்கிறது என்றாள். நான் ஒரு விசிட்டிங் கார்டை லோட் செல்லுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் நுழைத்தேன். எடை இல்லாதபோது கார்டு சுகமாகப் போய் வந்தது. மூன்று கிலோவை வைத்தால் கார்டு நசுங்கி நின்றுவிட்டது. கட்டை வளைந்து தட்டில் முட்டுகிறது, அதற்கு மேல் வளைய இடமில்லை. முடுக்கிய இடங்களில் வாஷர் கொடுத்துத் தூக்கினேன். கோடு ஐந்து கிலோ வரை நேராகப் போனது.

இதில் கண்டுபிடித்தவர் யார்? அரை மணி நேரத்துக்கு மேல் கத்தினோம். நடந்துகொண்டிருந்த ஒரு குஜராத்தி ஆன்ட்டி நின்று, என்ன பிள்ளைகளே சண்டை என்று கேட்டுவிட்டுப் போனார். நான் "கண்டுபிடித்துச் சரிசெய்தேன்" என்று போட்டால் அவளுக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது. அவள் போட்டால் நான் வெறும் திருப்புளி.

கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். "இங்க பாரு. கம்பெனிக்காரா நம்ம ரெண்டு பேர் பேப்பரையும் படிப்பா. ரெண்டுலயும் ஒரே வரி இருந்தா ரெண்டு பேருமே பொய்னு ஆயிடும். நான் பார்த்ததை நான் எழுதறேன், நீ பார்த்ததை நீ எழுது. ஒருத்தர் பாதியை இன்னொருத்தர் சொல்லிடுவோம்."

அப்படியே செய்தோம். ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவி. அளவுக் கருவிகளைப் பொருத்தி, சோதித்து, பழுது பார்க்கும் பயிற்சி தேடுகிறேன். நால்வர் குழு செய்த ஐந்து கிலோ டிஜிட்டல் தராசில் லோட் செல் பொருத்தியதும் சாலிடரிங்கும் என் பங்கு. இரண்டு கிலோவுக்கு மேல் ரீடிங் குறைவதைக் குழுத்தோழி கிராஃபில் காட்டினாள். லோட் செல் அடித்தட்டில் முட்டுவதே காரணம் என்று கண்டு, வாஷர் கொடுத்து உயர்த்தினேன். மூன்று கிலோவில் அரைக்கிலோவுக்கு மேல் இருந்த பிழை ஐந்து கிராமுக்குள் வந்தது. லேபில், தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டர் கட்டி, கணக்கிட்ட கட்ஆஃப் அதிர்வெண்ணும் ஆசிலோஸ்கோப்பில் அளந்ததும் வேறுபட்டதற்குக் கெபாசிட்டர் அதன்மேல் குறித்த மதிப்பிலிருந்து சற்று விலகியிருப்பதே காரணம் என்று வேறு கெபாசிட்டர் போட்டு உறுதி செய்தேன்.

படித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரு பெருமைச் சொல்கூட அதில் இல்லை. அன்றைக்கே இதை அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். "இது நீதான்," என்றாள், பட்டனில் இருந்து கண்ணை எடுக்காமல்.

தேவ்நாரில் நேர்முகத்துக்கு எங்கள் குழுவில் நாலு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஆச்சரியம். பையன்களுமா? உள்ளே போனதும் விளங்கிவிட்டது. கேட்க உட்கார்ந்திருந்தவர் நடுத்தர வயது மராத்திப் பெண்மணி, டெஸ்டிங் பிரிவின் பொறுப்பாளர். நாலு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, நாலு தாள்களையும் சீட்டுக்கட்டைப் பரப்புவது போலப் பரப்பினார்.

"ஒரே தராசு," என்றார். "இந்தத் தாளில், நான்கு பேர் குழுவுக்குத் தலைமை தாங்கினேன் என்று இருக்கிறது. இந்தத் தாளிலும் தலைமை தாங்கினேன் என்று இருக்கிறது. இந்த இரண்டு பேரில் யார் யாருக்குத் தலைமை?"

ஒரு பையன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தான். எங்கள் வகுப்பில் எந்த ப்ராஜெக்ட்டை எடுத்தாலும் இதே கதைதான். குழுவில் நாலு பேர் என்றால் நாலு பேருமே தலைவர்கள். சீனியர்கள் அப்படி எழுதினார்கள், நாங்களும் எழுதினோம். நாலு தாளும் ஒரே மேஜைக்கு வரும் என்று யாருமே யோசிப்பதில்லை. சென்ற வாரம் வரை நானும் அந்த லட்சணத்தில்தான் இருந்தேன்.

"இந்த இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன," என்று எங்களுடையவற்றை எடுத்துத் தனியே வைத்தார். பையன்களிடம் மரியாதையாகவே நன்றி சொல்லி அனுப்பினார். பிறகு எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்.

என் முறை வந்தபோது மேஜைமேல் கடையில் இருப்பது போன்ற ஒரு தராசு இருந்தது. "இது சரியாகக் காட்டவில்லை என்று வாடிக்கையாளர் சொல்கிறார். என்ன செய்வாய்?" கேள்வி முடிவதற்குள் என் கை அடியில் இருக்கும் ஸ்க்ரூவுக்குப் போய்விட்டது. முட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமே.

"கையை எடு," என்றார், கோபமில்லாமல். ஸ்க்ரூவின் மேல் ஈய முத்திரை இருந்தது. சர்க்கார் முத்திரை வைத்த தராசை லைசென்ஸ் இருப்பவர்தான் திறக்கலாம். உடைத்தால் மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்கும்வரை அதை வியாபாரத்தில் வைக்க முடியாது. அண்ணாச்சி கடைத் தராசில் தினமும் பார்க்கிற முத்திரைதான். என் காது மடல் வரைக்கும் சூடேறியது. மீதிக் கேள்விகளுக்கு நன்றாகத்தான் பதில் சொன்னேன். ஃபில்டரைப் பற்றிக் கேட்டார், கெபாசிட்டரை மாற்றியபோது என்ன ஆனது என்று கேட்டார். நிஜமாகச் செய்த காரியம், தட்டுத்தடுமாறாமல் வந்தது.

வெளியே வந்து தோழியிடம் கேட்டேன். அவளிடமும் அதே தராசு, அதே கேள்வி. அவள் திறக்கவே போகவில்லை. ஒரே கல்லை நடுவிலும் நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துக் குறிப்பேன், எடையைப் படிப்படியாக ஏற்றி ரீடிங் எடுப்பேன், அதே படியில் இறக்கியும் எடுப்பேன், இரண்டையும் ஒரே கிராஃபில் போடுவேன் என்றாளாம். கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இடம் அவளுக்குத்தான் என்று.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது, அவளுக்கு. எனக்கு வந்தது போன். நேர்முகம் எடுத்த அந்த மராத்தி அம்மாவே பேசினார். நல்ல மனுஷி, பேசாமல் விட்டிருக்கலாம். "எங்களுக்கு டெஸ்ட் டேட்டாவைப் பார்க்கிற ஆள் வேண்டும். கிராஃபில் பிழையைக் கண்டது அவள்தான் என்று உன் தாளே சொல்கிறது. யாரும் தன்னைப் பற்றி எதையும் எழுதலாம். அவளைப் பற்றி இன்னொருத்தி எழுதியிருந்ததால் நம்பினேன்."

போனை வைத்தேன். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என் வரி. பொறாமைதான், வேறென்ன. உள்ளே அப்படியே எரிந்தது. அவள் எனக்காக எழுதிய வரியும் அவள் தாளில் இருந்தது, ஆனால் அவர்களுக்கு வாஷர் போடுகிற ஆள் தேவைப்படவில்லை.

அவள் என்னைத் தேடித் தாராவிக்கே வந்தாள், சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்து. வாசலில் நின்றுகொண்டு, "கோபமா?" என்றாள்.

"ஆமா."

"எம்மேலயா?"

"தெரியல. இப்போதைக்கு உம்மேலதான்."

"சரி, கோச்சுக்கோ. பட்டுண்டு போறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்தாள். நான் அவளோடு பேசவில்லை. அவளும் போகவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் டீ போட்டாள்.

பிளேஸ்மென்ட் சாருக்குச் செம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப் தெரிந்திருந்தது. கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தராசு பழுது பார்க்கிற, லைசென்ஸ் உள்ள இடம். கம்பெனி சின்னது, ஆனால் கல்லூரி ஏற்றுக்கொள்ளும். "ஒன்று செய்," என்றார். "அந்தக் குழுத்தோழி வரியை எடுத்துவிடு. பிழையைக் கண்டதும் நான், சரிசெய்ததும் நான் என்று போடு. ஒரு தடவை பட்டது போதாதா?"

பிழையைக் கண்டதும் நான் என்று எழுத மனசு வரவில்லை, வீட்டில் உட்கார்ந்து அந்த வரியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அவளை எடுத்தவுடன் வரி சின்னதாக, அழகாக இருந்தது. ஆனால் படித்தால், சும்மா ஓடிக்கொண்டிருந்த தராசை எவளோ ஒருத்தி காரணமே இல்லாமல் பிரித்துப் போட்ட மாதிரி இருந்தது. சனியனே என்று திட்டிக்கொண்டே அவளைத் திரும்ப உள்ளே போட்டேன். மாமா அன்று காலைதான் போன் செய்து, திங்கட்கிழமைக்குள் சொல்லு, ஸ்கேன் சென்டரில் இடம் காத்திருக்காது என்றிருந்தார்.

ஒர்க்‌ஷாப் முதலாளி எங்கள் ஊர்ப்பக்கம், நாசரேத்துக்காரர். மேஜையில் இயேசு படம், அதன் அடியில் பத்துப் பதினைந்து தராசுகள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. என் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். குழுத்தோழி வரியில் நின்றார். திரும்ப ஒரு தடவை படித்தார்.

"இந்தக் கிராஃபு போட்ட புள்ள," என்றார். "தோழின்னு போட்டிருக்கியே. அந்தப் புள்ள கெடைப்பாளா? எனக்கு ரிப்போர்ட் எழுதத்தான் ஆளு இல்ல."

எனக்கு வந்ததே ஆத்திரம். அப்படியே எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"கெடைக்கமாட்டா. அவள தேவ்நார் கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான். இந்த வரியப் பாத்துதான் எடுத்தான். இப்ப நாந்தான் மிச்சம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வரியால ஒரு வேல போச்சு. பொறவும் எடுக்காமலா கொண்டாந்த?"

"எடுத்தா நான் எதுக்குத் தராசத் தொறந்தேன்னு சொல்ல முடியல."

பிறகு மேஜை மூலையில் இருந்த ஒரு தராசை என் பக்கம் தள்ளினார். பிளையரை எடுத்து முத்திரையை அவரே அறுத்தார். "இது ஒரு மீன் மார்க்கெட் தராசு. கொறச்சுக் காட்டுதுங்கான். தொறந்து பாரு," என்றார்.

திறந்தேன். உள்ளே மீன் செதில் காய்ந்து கெட்டியாகி லோட் செல்லுக்கு அடியில் அடைத்துக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு அவருடைய கற்களை ஏற்றிக் காட்டினேன். நாளைக்கே வா, ரிப்போர்ட் எழுதவும் நீயே படித்துக்கொள் என்றார்.

தெருவுக்கு வந்ததும் மாமாவுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் அவளைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "உன்னத்தாண்டி கேட்டான்! இங்கயும் உன்னத்தான் கேட்டான்!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய், ஐயோ, அப்புறம் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். செம்பூர் பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் பார்க்க எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, வேலை கிடைத்துவிட்டது என்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.